கூப்பிடுவது மதுரை, எடுப்பது சிங்கப்பூர்: காசு யாருடையது?

வெளிநாட்டுக்குப் போயிருக்கும்போது ஊரிலிருந்து நம்முடைய இந்திய எண்ணுக்கு ஒருவர் போன் செய்கிறார். அவருக்கு ஐஎஸ்டி கட்டணம் விழுமா, நமக்கு விழுமா, இருவருக்குமா? விமான நிலையத்தில் வழியனுப்ப வந்த வீட்டார்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. "நான் கூப்பிட்டா எனக்கு நிறைய பிடிக்குமா? நீயே கூப்பிடு" என்று சொல்லும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவின் பயம் தேவையற்றது. பயப்பட வேண்டியவர் விமானம் ஏறுகிறவர்.

விதி இதுதான். கூப்பிடுகிறவர் நம் எண்ணின் சொந்த நாடு வரைக்கும் உள்ள தூரத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறார். அங்கிருந்து நாம் இருக்கும் நாடு வரை அழைப்பைக் கொண்டுவரும் செலவு நம் தலையில் விழுகிறது. உலகம் முழுவதும் ரோமிங் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. கூப்பிடுகிறவர் பத்து இலக்க இந்திய எண்ணைத்தான் அழுத்துகிறார். நாம் அண்ணாநகரில் இருக்கிறோமா, ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கிறோமா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத தூரத்துக்கு அவரிடம் காசு வாங்குவது நியாயமில்லை. வெளிநாடு போனதும், சிம்மைக் கழற்றாமல் வைத்திருப்பதும், மணி அடித்தபோது எடுப்பதும் நாம் எடுத்த முடிவுகள். மாறாகக் கூப்பிடுகிறவரிடம் வாங்குவதென்றால், இணைப்பதற்கு முன் அவருக்கு எச்சரிக்கை தர வேண்டியிருக்கும். நாம் ஊரில் இல்லை என்பது போன் செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு அது நல்லதல்ல.

செல்பேசியில் வரும் அழைப்புக்குக் காசு என்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1990-களில் செல்பேசி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், இன்கமிங் வந்தாலும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று போகும். மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பக்கத்துக் கடையிலுள்ள ஒரு ரூபாய் போனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்கள் ஏராளம். கூப்பிடுகிறவரே காசு கொடுப்பார் என்ற முறை 2003 மே மாதம்தான் நாடெங்கும் வந்தது. அதன் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு இன்கமிங் என்றாலே இலவசம். அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் விமானம் ஏறுகிறார்கள்.

சரி, மதுரையிலிருந்து கூப்பிட்டால் அழைப்பு எப்படிச் சிங்கப்பூர் வந்து சேர்கிறது? யார் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பது அந்தப் பாதையைப் பார்த்தால்தான் புரியும்.

சென்னையில் வாங்கிய சிம்முடன் செந்தில் என்பவர் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனை ஆன் செய்ததும் அது அங்குள்ள ஒரு டவரைப் பிடிக்கிறது. சிம்மில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்த சிங்கப்பூர் நிறுவனம், இது இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று புரிந்துகொண்டு சென்னைக்குச் செய்தி அனுப்புகிறது: 'உங்கள் ஆள் என்னிடம் இருக்கிறார், சேவை கொடுக்கலாமா?' இந்திய நிறுவனத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் இப்போது எங்கே இருக்கிறார் என்று பதிந்து வைக்கும் ஒரு மையப் பதிவேடு உண்டு. அதில் செந்திலின் பெயருக்கு எதிரே சிங்கப்பூர் நிறுவனம் குறிக்கப்படுகிறது. இதுவரை யாருக்கும் காசு போகவில்லை.

இப்போது மதுரையிலிருந்து அவருடைய அம்மா கூப்பிடுகிறார். அம்மாவின் நிறுவனம் அந்த அழைப்பைச் செந்திலின் இந்திய நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அவ்வளவில் அம்மாவின் கணக்கு முடிந்தது. அவர் பேசியது ஒரு உள்நாட்டு அழைப்பு. மாத பேக்கில் அளவில்லாப் பேச்சு இருந்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு பைசாகூட இல்லை.

செந்திலின் நிறுவனம் மையப் பதிவேட்டைப் பார்க்கிறது. ஆள் சிங்கப்பூரில். உடனே சிங்கப்பூர் நிறுவனத்திடம் கேட்கிறது: 'இவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, எந்த வழியில் அனுப்பட்டும்?' சிங்கப்பூர் நிறுவனம் தன்னிடமுள்ள எண்களில் ஒன்றை, +65 என்று தொடங்கும் ஒரு தற்காலிக எண்ணை, அந்த ஓர் அழைப்புக்காக மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. அடுத்த சில நொடிகளுக்குள் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்து சேர வேண்டும். சேர்ந்ததும் எண் திரும்ப எடுக்கப்பட்டு, வேறு யாருக்கோ வரும் இன்னோர் அழைப்புக்குப் போகும். செந்திலுக்கும் அம்மாவுக்கும் இந்த எண் தெரியவே தெரியாது.

தற்காலிக எண் கிடைத்ததும் இந்திய நிறுவனம் சிங்கப்பூருக்கு முழுமையான ஓர் ஐஎஸ்டி அழைப்பைப் போடுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ2ஐ என்ற கேபிள் 2002-லிருந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட பாதை ஒன்றின் வழியாக அம்மாவின் குரல் போகிறது. கடலைக் கடக்கும் செலவும், கடைசியில் செந்திலின் போனில் மணி அடிக்க வைப்பதற்குச் சிங்கப்பூர் நிறுவனம் கேட்கும் முடிப்புக் கட்டணமும் இந்திய நிறுவனத்துக்குச் செலவு. சில ஒப்பந்தங்களில், வந்திருக்கும் விருந்தாளிக்கு அழைப்பைக் கொடுத்ததற்கென்று தனியாகவும் கேட்பார்கள்.

இந்தச் செலவில் ஒரு பகுதியை அம்மாவின் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாதா? முன்பு கொஞ்சம் கிடைத்தது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் அழைப்புக்கு, வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 பைசா என்று இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்தது. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். ஆக, அம்மாவின் அழைப்பைப் பெற்றுக்கொண்டதற்குச் செந்திலின் நிறுவனத்துக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கடல் தாண்டும் செலவு முழுவதையும் செந்திலிடம்தான் அது கேட்கிறது. அடக்க விலையை மட்டும் கேட்கிறதா என்றால், பல காலமாக ரோமிங் கட்டணத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடைவெளி பெரிது என்பதே என் எண்ணம். ஐரோப்பாவில் நடந்தது அதைக் காட்டுகிறது, பிறகு வருகிறேன்.

புதிய போன்களில் 4ஜி வழியாகவே அழைப்பு வரும் ஏற்பாட்டில் இந்தத் தற்காலிக எண் வேலை இல்லாமல் போகலாம். குரல் இணையத் தரவுபோலவே இந்திய நிறுவனத்திலிருந்து நேராகப் போனுக்குப் போகும். ஆனாலும் யார் காசு கொடுப்பது என்பது மாறவில்லை. அம்மாவுக்கு உள்நாட்டு அழைப்பு, செந்திலுக்கு ரோமிங் இன்கமிங்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கட்டணம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் இங்கே சொல்லும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ரோமிங் பேக் எதுவும் போடாத செந்திலுக்கு இன்கமிங் நிமிடத்துக்கு 50 ரூபாய், இந்தியாவுக்கு அவுட்கோயிங் நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று இருக்கட்டும்.

அம்மா 4 நிமிடம் 10 நொடி பேசுகிறார். ரோமிங்கில் பெரும்பாலும் முழு நிமிடமாகத்தான் எண்ணுவார்கள், ஆகவே அது 5 நிமிடம். செந்திலுக்கு 250 ரூபாய். அம்மா மூன்று முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. எடுத்த நொடியிலிருந்துதான் மீட்டர் ஓடும். இதே மீட்டர் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறவருக்கும் ஓடும். 'வேண்டாம்' என்று சொல்லிப் பத்து நொடியில் வைத்தாலும் ஒரு நிமிடக் காசு, 50 ரூபாய், போனது போனதுதான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், இங்கே இரவு எட்டரைக்குக் கூப்பிடுகிறவர் அங்கே பதினொரு மணிக்கு எழுப்புவார். தூக்கக் கலக்கத்தில் எண்ணைப் பார்க்காமல் எடுக்கும் அழைப்புகள்தான் இவற்றில் அதிகம்.

இனி கொஞ்சம் விசித்திரமான சூழ்நிலை. செந்திலுடன் சென்னையிலிருந்தே வந்த நண்பர் அதே ஓட்டலில் அடுத்த மாடியில் இருக்கிறார், அவரிடமும் இந்திய சிம். 'கீழே வந்துட்டேன், எங்கடா இருக்க?' என்று கேட்கச் செந்தில் அவரைக் கூப்பிடுகிறார். இருவரும் சிங்கப்பூரில்தானே, உள்ளூர் அழைப்பாகிவிடாதா? ஆகாது. கூப்பிட்ட எண் +91. ஆகவே அழைப்பு முதலில் இந்தியாவுக்குப் போகும். அங்கே நண்பரின் நிறுவனம் பதிவேட்டைப் பார்த்து, ஆள் சிங்கப்பூரில் என்று தெரிந்து, திரும்பச் சிங்கப்பூருக்கு அனுப்பும். ஒரு மாடி இறங்க வேண்டிய குரல் கடலை இரண்டு முறை தாண்டுகிறது. ஊதுகுழல் வாத்தியத்தின் குழாய் போய் வளைந்து திரும்புவதுபோல் இருப்பதால், தொலைத்தொடர்புத் துறையில் இதை ட்ராம்போன் என்பார்கள். மூன்று நிமிடம் பேசினால் செந்திலுக்கு இந்தியாவுக்கு அவுட்கோயிங் 300 ரூபாய், நண்பருக்கு இன்கமிங் 150 ரூபாய். ஒரே ஓட்டலுக்குள் 450 ரூபாய். அழைப்பை அங்கேயே திருப்பிவிட வழி தொழில்நுட்பத் தரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனங்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. இரண்டு கட்டணம் வாங்கும் வழியை ஒன்றாக்க யாருக்கும் அவசரமில்லை.

சிங்கப்பூரிலேயே குடியிருக்கும் உறவினர் தம்முடைய உள்ளூர் போனிலிருந்து செந்திலின் இந்திய எண்ணைக் கூப்பிட்டாலும் கதை இதேதான். உறவினருக்கு இந்தியாவுக்கான ஐஎஸ்டி கட்டணம், செந்திலுக்கு ரோமிங் இன்கமிங். 'இங்கேதானே இருக்கான், லோக்கல்தானே' என்று நினைத்து நீளமாகப் பேசினால் இரண்டு பேருக்கும் செலவு. செந்தில் ஓர் உள்ளூர் சிம் வாங்கி அந்த எண்ணை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

இதுவரை சொன்னவை எதிர்பார்க்கக்கூடியவை. எதிர்பாராத பில் வருவது பெரும்பாலும் கால் ஃபார்வர்டிங்கிலிருந்து. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் இந்த வசதி இரண்டு விதம். ஒன்று, எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லா அழைப்பையும் திருப்புவது. மற்றது, எடுக்காவிட்டால், பேசிக்கொண்டிருந்தால், அல்லது தொடர்பில் இல்லாவிட்டால் மட்டும் திருப்புவது. ஊரில் இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கடல் தாண்டினால் வித்தியாசம் பல நூறு ரூபாய்.

எல்லா அழைப்பையும் மனைவியின் எண்ணுக்குத் திருப்பிவிட்டுச் செந்தில் போயிருந்தால், அழைப்பு வந்ததும் இந்தியாவிலேயே அந்தக் குறிப்பைப் பார்த்து, அப்படியே மனைவியின் போனுக்குப் போய்விடும். சிங்கப்பூருக்கு வரவே வராது. ரோமிங் கட்டணமும் இல்லை.

ஆனால் 'எடுக்காவிட்டால் மனைவிக்கு' என்று வைத்திருந்தால், எடுக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? சிங்கப்பூருக்கு அழைப்பு போய் மணி அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதலில் அழைப்பு சிங்கப்பூருக்குப் போகிறது. மணி அடிக்கிறது, செந்தில் எடுக்கவில்லை. இப்போது சிங்கப்பூர் நிறுவனம் அங்கிருந்து இந்தியாவில் உள்ள மனைவியின் எண்ணுக்குப் புதிதாக ஓர் அழைப்பைப் போடுகிறது. மனைவி எடுத்து ஆறு நிமிடம் பேசினால், செந்திலின் கணக்கில் போகும் வழிக்கு இன்கமிங் 300 ரூபாய், திரும்பும் வழிக்கு அவுட்கோயிங் 600 ரூபாய். மொத்தம் 900. செந்தில் பேசவே இல்லை. பேசிய இருவரும் சென்னையில் இருந்தார்கள்.

வாய்ஸ்மெயிலுக்கும் மிஸ்டு கால் தகவல் சேவைக்கும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் அவையும் நிபந்தனைத் திருப்பல்தான். தொடர்பில் இல்லை என்ற வகையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. போனை ஒழுங்காக அணைத்திருந்தால் பெரும்பாலும் அழைப்பைச் சிங்கப்பூருக்கு அனுப்புவதற்கு முன்பே அது தெரிந்து, அழைப்பு இங்கேயே திரும்பிவிடும். ஆனால் செந்தில் மெட்ரோவின் சுரங்கத்தில் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது பதிவேட்டில் அவர் இன்னும் தொடர்பில்தான் இருக்கிறார். அழைப்பு சிங்கப்பூர் போகும், அங்கே தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவரும். திருப்பப்பட்ட எண்ணில் யாராவது, அல்லது ஒரு பதிவு இயந்திரம், எடுத்துவிட்டால் இரண்டு வழிக்கும் காசு.

ஆகவே புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் ஃபார்வர்டிங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்து, நிபந்தனை உள்ளவற்றை நீக்குவது. எண் விசையிலேயே பார்க்கவும் வழி உண்டு. கீழே உள்ளவற்றில் முதல் மூன்றும் முறையே எடுக்காதபோது, தொடர்பில் இல்லாதபோது, பேசிக்கொண்டிருக்கும்போது எங்கே திரும்புகிறது என்று காட்டும். கடைசியானது எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

```
*#61#
*#62#
*#67#
##002#
```

இவை உலகப் பொதுவான குறியீடுகள். உங்கள் நிறுவனம் இவற்றை ஏற்காவிட்டால் அமைப்புகள் வழியாகவோ வாடிக்கையாளர் சேவையிடம் சொல்லியோ நீக்கலாம். யாரோ போனில் சொன்னார் என்பதற்காக வேறு எந்தத் திருப்பல் குறியீட்டையும் அழுத்த வேண்டாம். உங்கள் அழைப்புகளைத் தன்னிடம் திருப்பிக்கொள்ளும் மோசடி அதன் வழியாகத்தான் நடக்கிறது.

வங்கி ஓடிபிக்காக மட்டும் இந்திய சிம்மை வைத்திருப்பவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் இப்படித்தான், நிபந்தனையில்லாத திருப்பலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது குரல் அழைப்புகளை மட்டுமே திருப்பும். குறுஞ்செய்திகள் வழக்கம்போல அவர்களுடைய போனுக்கே வரும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணமில்லை என்றாலும், சிம்மில் ரோமிங் வசதி திறந்திருக்கிறதா, அதற்குக் குறைந்தபட்ச பேக் ஏதும் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள வீட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டுப் புறப்பட்டால் கடன் அட்டை விற்கிறவரும் அங்கேயே பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டேன், இனி எதுவும் பிடிக்காது என்று நிம்மதியாக இருப்பவர்களையும் பார்க்கிறேன். அந்தப் பொத்தான் இணையத்தை மட்டும்தான் நிறுத்தும். குரல் அழைப்பு தாராளமாக உள்ளே வரும். எடுத்தால் காசு. ரோமிங் பேக் போட்டவர்களுக்கு இன்கமிங் நிமிடங்கள் அதிலேயே இருக்கலாம், ஆனால் எந்தெந்த நாடு என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் கிடைக்கும் டவர் எந்த நாட்டுடையதும் அல்ல, செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி வலையமைப்பு. நாட்டுப் பேக் அங்கே செல்லாது, கட்டணமும் பல மடங்கு. கப்பலில் போனை விமான முறையிலேயே வைத்திருப்பது நல்லது.

ஐரோப்பாவுக்கு வருகிறேன் என்றேன். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்து சிம் வைத்திருப்பவர் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் இன்கமிங்குக்குக் கூடுதல் காசு இல்லை. பாரிசில் வாங்கிய சிம் ரோமில் அடித்தாலும் இலவசம். அழைப்பின் பாதை மாறிவிடவில்லை, பிரான்சு வரை போய் இத்தாலிக்குத் திரும்புகிறது. ஆனால் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கு ஒன்றியம் உச்சவரம்பு வைத்துவிட்டது. செல்பேசியில் அழைப்பை முடித்துத் தருவதற்கு நிமிடத்துக்கு 0.2 யூரோ சென்ட் என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. உண்மையான செலவு இவ்வளவு சிறியது. வாய்ஸ்மெயில் பதிவுக்காக வெளிநாட்டிலிருக்கும் வாடிக்கையாளரிடம் காசு வாங்கக் கூடாது என்று அதற்கும் முன்பே, 2010 ஜூலையிலேயே, அவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மூரிலும் வாடிக்கையாளர் பேசாத அழைப்புக்கு இருவழிக் கட்டணம் வாங்குவதைத் தடுக்க ட்ராய்க்கு வழியுண்டு, செய்ய வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பிவிட வேண்டாம்: அந்தச் சலுகை ஒன்றியத்து சிம்களுக்கு. பாரிசில் இறங்கும் இந்திய சிம்முக்கு அது பொருந்தாது.

பயணம் முடிந்து பில் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது? அம்மாவின் பதிவு, அதாவது எந்த எண், எத்தனை நொடி, எந்த நேரம் என்பது, பல நாட்கள் கழித்தும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வரக்கூடும், ஆகவே போஸ்ட்பெய்டில் பயணத்துக்கு அடுத்த மாத பில்லையும் பார்க்க வேண்டும். நேரம் பெரும்பாலும் போன இடத்தின் நேரத்தில் இருக்கும். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிடும்போது அந்த இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரே நிமிடத்தில் தொடங்கி, ஒரே அளவு ஓடிய இரண்டு வரிகள், ஒன்று இன்கமிங், மற்றது இந்திய எண் ஒன்றுக்கு அவுட்கோயிங் என்று இருந்தால் அது திருப்பப்பட்ட அழைப்பு. உங்கள் போனில் அந்த நேரத்தில் தவறிய அழைப்பு ஒன்று இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அந்த இரண்டு பட்டியல்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம், இதற்குக் கட்டணமில்லை.